மூழ்கிய சுரங்கத்தில் ஆக்ஸிஜன் மீட்டருக்கு எத்தனை விநாடி? நீர்ப்பரப்பில் கதாபாத்திரம் நடுங்குவது ஏன்?

ஆழிக்கரை

கோடோ 4-ல் ஒரு 3டி சாகச கேம் செய்துகொண்டிருக்கிறேன். அதில் தண்ணீரில் மூழ்கிய ஒரு கோயில் சுரங்கம் வருகிறது. நுழைவாயிலிலிருந்து கடைசியில் இருக்கும் நெம்புகோல் வரை 42 மீட்டர். நீச்சல் வேகம் விநாடிக்கு 1.6 மீட்டர். ஆக்ஸிஜன் மீட்டர் 40 விநாடி. நெம்புகோலை இழுத்ததும் நீர் வடிந்துவிடும், அதனால் திரும்பி நீந்த வேண்டியதில்லை.

42-ஐ 1.6-ஆல் வகுத்தால் 26 விநாடி சொச்சம். அதற்கு மேல் 14 விநாடி மிச்சம் இருக்கிறது. ஆனாலும் டெஸ்ட் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் நெம்புகோலுக்குப் பக்கத்தில் வந்து சாகிறார்கள். "அநியாயம்" என்று எழுதுகிறார்கள்.

இரண்டாவது பிரச்சினை: நீர்ப்பரப்புக்கு வந்ததும் பாத்திரம் மேலும் கீழுமாக நடுங்குகிறது. நீந்தும் அனிமேஷனும் விழும் அனிமேஷனும் மாறி மாறி ஓடுகின்றன. சில நேரம் நீருக்கடியில் இருக்கும்போதே மீட்டர் திடீரென நிரம்பிவிடுகிறது. தண்ணீரை `Area3D`-யாக வைத்து `body_entered`, `body_exited` சிக்னல் பிடிக்கிறேன்.

ரெட்ஸ்டோன் ராசா

சகோ, மூச்சு தீருதுன்னா கூடவே நாலு கதவு எடுத்துட்டுப் போங்க. தண்ணிக்குள்ள தரையில கதவை வச்சா அந்த இடத்துல காத்து வந்துடும். டார்ச் வச்சாலும் ஒரு செகண்டு மூச்சு விடலாம். ஹெல்மெட்ல ரெஸ்பிரேஷன் 3 போட்டா ஒரு நிமிஷம் தாங்கும்.

மரவண்டு

ராசா, அவர் மைன்கிராஃப்ட் ஆடவில்லை, சொந்தமாக ஒரு கேம் எழுதுகிறார். டார்ச் உபாயமும் 2018-ல் வந்த 1.13-க்குப் பிறகு செல்லாது. கதவு மட்டும் இன்னும் வேலை செய்யும்.

ஆனால் நீங்கள் தொட்ட இடம் இவருக்கு உதவும். மைன்கிராஃப்டில் மூச்சு 300 டிக். விநாடிக்கு 20 டிக் என்பதால் 15 விநாடி. பழைய பதிப்புகளில் தலை வெளியே வந்த கணமே பத்துக் குமிழியும் நிரம்பிவிடும். 1.13-ல் அதைப் படிப்படியாக நிரம்பும்படி மாற்றினார்கள். மூக்கை நுனியளவு நீட்டி மூச்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் வேலை அதோடு குறைந்தது. ஆழிக்கரையின் மீட்டர் 'திடீரென' நிரம்புகிறது என்றால் அவரும் ஒரே அடியில் நிரப்புகிறார் என்று ஊகிக்கிறேன். அதை மாற்றினாலே பாதி நோய் வெளியே தெரியாது. தெரியாமல் போவது தீர்வாகாது என்பதால் காரணத்தையும் பார்ப்போம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். ஆக்ஸிஜன் மீட்டரை நேரமாகப் பார்க்காதீர்கள், தூரமாகப் பாருங்கள். 1996-ல் வந்த முதல் டூம் ரெய்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிரலை மீட்டெழுதிய திறந்த திட்டங்கள் இருப்பதால் எண்கள் எல்லாம் கண்முன் இருக்கின்றன. காற்று 1800 ஃபிரேம். கேம் விநாடிக்கு 30 ஃபிரேமில் ஓடுகிறது, ஆகவே சரியாக 60 விநாடி. நீருக்கடியில் லாராவின் வேகம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 8 கூடி 200-ல் நிற்கும். இடப்பெயர்ச்சி அதில் கால் பங்கு, அதாவது ஃபிரேமுக்கு 50 அலகு. ஒரு கட்டம் 1024 அலகு. ஆக முழு மூச்சில் ஏறத்தாழ 88 கட்டம் நீந்தலாம். லெவல் வரைகிறவருக்கு 60 விநாடி என்பதைவிட 88 கட்டம் என்பதுதான் பயன்படும், ஏனென்றால் அவர் எண்ணுவது கட்டத்தை.

உங்கள் கணக்கில் 40 விநாடிக்கு 64 மீட்டர். ஆனால் அது நேர்க்கோட்டில், முழு வேகத்தில், வழி தெரிந்தவர் நீந்தும் தூரம். முதல் தடவை போகிறவர் சுவரில் முட்டுவார், கேமராவைச் சுழற்றுவார், பக்க அறைக்குள் எட்டிப் பார்ப்பார். நான் குறுக்குவழி நேரத்தை 1.5-ஆல் பெருக்கித்தான் தொடங்குவேன். உங்கள் சுரங்கத்துக்கு அது 39.4 விநாடி. நெம்புகோல் அனிமேஷன் எவ்வளவு?

ஆழிக்கரை

அருகில் போய் நேராகத் திரும்பி இழுத்து முடிக்க மொத்தம் 4 விநாடி. அந்த நேரத்திலும் மூச்சு குறைகிறது.

மரவண்டு

அப்படியானால் 43.4. மீட்டர் 40. டெஸ்ட் செய்தவர்கள் நெம்புகோலுக்கு அருகே செத்ததில் வியப்பில்லை, உங்கள் எண்களே அதைச் சொல்கின்றன.

மீட்டரை 50 ஆக்கினால் இந்தச் சுரங்கம் சரியாகும். ஆனால் மற்ற எல்லா நீர்ப்பகுதியிலும் பதற்றம் போய்விடும். மீட்டரைத் தொடாதீர்கள், நடுவில் ஒரு காற்றுப்பை வையுங்கள். அதற்கு என் விதி: பாதியில் பயந்து திரும்புகிறவரும் பிழைக்க வேண்டும். போகும்போது 1.5 மடங்கு, திரும்பும்போது வழி தெரியும் என்பதால் 1 மடங்கு. 24 மீட்டரில் வைத்தால், போக 22.5 விநாடி. காற்றுப்பையைக் கண்டுபிடிக்காமல் அங்கிருந்தே திரும்பினாலும் 15 விநாடி. மொத்தம் 37.5, மூச்சு தாங்கும். மீதி 18 மீட்டருக்கு 16.9, நெம்புகோலுக்கு 4. அதற்குப் பிறகு ஏதோ புரியாமல் காற்றுப்பைக்குத் திரும்பி வந்தால் இன்னும் 11.3. மொத்தம் 32.2. அதுவும் தாங்கும்.

25.6-க்கு மேல் தள்ளினால் திரும்புகிறவர் சாவார். 26 மீட்டரில் வைத்தால் அந்தக் கணக்கு 40.6 ஆகிவிடும்.

கேம்பித்தன்

இதெல்லாம் சரி பாஸ், ஆனா 40 செகண்டுன்னு நிலையா வைக்கிறதே தப்பு. நிஜத்துல ஆழம் போகப் போக அழுத்தம் கூடும், காத்து சீக்கிரம் தீரும். 10 மீட்டர்ல ரெட்டிப்பு, 20 மீட்டர்ல மூணு மடங்கு. சப்னாட்டிகா அப்படித்தான் செய்யுது, 100 மீட்டருக்குக் கீழ ரீபிரீத்தர் இல்லாமப் போனா ஆக்ஸிஜன் பறக்கும். ஆழத்தை வச்சு ஒரு பெருக்கல் போட்டாலே கேம் யதார்த்தமா இருக்கும்.

மரவண்டு

பாதி சரி. நீங்கள் சொல்லும் இரட்டிப்பும் மும்மடங்கும் சிலிண்டர் கட்டிய மூழ்காளருக்கு. 10 மீட்டரில் அழுத்தம் 2 வளிமண்டலம். அவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அந்த அழுத்தத்தில் வருவதால் தொட்டியிலிருந்து இரண்டு பங்கு காற்று போகிறது. சப்னாட்டிகாவில் ஆழத்துக்கேற்ற செலவு பொருந்துவதற்கு அதுதான் காரணம். அங்கே தொட்டி என்பது கேமின் மையப்பொருள். வெறும் ஆளுக்கு 45 விநாடி, சாதாரணத் தொட்டி போட்டால் 75.

ஆழிக்கரையின் நாயகி மூச்சடக்கிப் போகிறவள். அவள் நுரையீரலில் இருக்கும் காற்று மேலே இழுத்த அதே காற்று. ஆழம் அதை நசுக்கும், தின்னாது. அவள் ஆக்ஸிஜனைத் தின்பது தசை. விரைந்து நீந்தினால் கூடுதல் செலவு என்று வைத்தால் அதுதான் நிஜத்துக்கு நெருக்கம்.

ஆழத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் மிதப்பில் செய்யுங்கள். 10 மீட்டரில் நுரையீரல் காற்றின் பருமன் பாதியாகிவிடும். மேலே மிதக்கும் உடல் கீழே தானாக அமிழத் தொடங்கும்.

நெய்தல்

ஆழிக்கரை, உங்கட ரெண்டாவது கேள்விக்கு யாரும் வரேல்ல, நான் வாறன். ரெண்டு `Area3D` ஒண்டோட ஒண்டு ஒட்டி இருக்குதா எண்டு பாருங்கோ. சுரங்கம் வளையிற இடத்தில எல்லாரும் ரெண்டு பெட்டியாத்தான் வைப்பினம். ஆள் முதல் பெட்டியில இருந்து ரெண்டாவதுக்குப் போகேக்க, ரெண்டாவதின்ர `body_entered` முதல்ல வரும், `in_water = true`. பிறகு முதலாவதின்ர `body_exited` வரும், `in_water = false`. ஆள் தண்ணிக்குள்ள நிக்கிறார், உங்கட மாறி வெளியில எண்டு சொல்லுது. உடன மீட்டர் நிரம்பும்.

கண்டுபிடிக்கிறது சுகம். நிரம்புற இடம் ஒவ்வொரு முறையும் ஒரே மூலையாக இருந்தா இதுதான் காரணம். `true`/`false` வேண்டாம், எண்ணிக்கை வைச்சிருங்கோ. உள்ள போனா ஒண்டு கூட்டுங்கோ, வெளியில வந்தா ஒண்டு கழியுங்கோ, பூச்சியமா இருந்தா மட்டும் வெளியில.

ஆழிக்கரை

நெய்தல், அதேதான்! வளைவில் இரண்டு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று 20 செ.மீ. ஏறியிருந்தன. எண்ணிக்கைக்கு மாற்றியதும் நீருக்கடியில் மீட்டர் நிரம்புவது நின்றுவிட்டது. ஆனால் பரப்பில் நடுக்கம் அப்படியே இருக்கிறது.

மரவண்டு

அது வேறு நோய். உடல் தண்ணீரில் இருக்கிறதா என்பதும் வாய் தண்ணீரில் இருக்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள். `body_entered` முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மூச்சுக்கு வாயருகே ஒரு `Marker3D` வைத்து அதன் உயரத்தை நீர்மட்டத்தோடு ஒப்பிடுங்கள். மூழ்குவதற்கு ஒரு வரம்பு, வெளிவருவதற்கு வேறு வரம்பு. ஒரே கோட்டை இரண்டுக்கும் வைத்தால் அலையில் ஒரு சென்டிமீட்டர் அசைவுக்கே நிலை மாறும்.

```gdscript
var d = mouth.global_position.y - water_y
if not under and d < -0.10:
    under = true
elif under and d > 0.05:
    under = false

if under:
    air = max(air - delta, 0.0)
else:
    air = min(air + delta * 10.0, AIR_MAX)
```

அந்த 10 மடங்கு டூம் ரெய்டரில் இருப்பதுதான். பரப்பில் ஃபிரேமுக்கு 10 வீதம் காற்று கூடும், காலியான மீட்டர் நிரம்ப 6 விநாடி. உங்கள் 40-க்கு 4 விநாடி ஆகும்.

இனி நடுக்கம். உங்கள் மிதப்பு விசையை எப்படிப் போட்டிருக்கிறீர்கள்?

ஆழிக்கரை

மூழ்கிய பங்கைப் பொறுத்து மேல்நோக்கி விசை. முழுக்க மூழ்கினால் ஈர்ப்பில் 1.18 மடங்கு. உடல் உயரம் 1.8 மீட்டர், 85 சதவீதம் மூழ்கி நிற்க வேண்டும் என்று கணக்கிட்டேன். தடை விசை, வேகம் பெருக்கல் 1.

மரவண்டு

1.18 சரி, 1-ஐ 0.85-ஆல் வகுத்தால் அதுதான் வரும். தடைதான் போதாது. உங்கள் அமைப்பு ஒரு சுருள்வில். அதன் விறைப்பு 9.8 × 1.18 ÷ 1.8, ஏறத்தாழ 6.4. அதன் வர்க்கமூலம் 2.53. ஆடாமல் அடங்க வேண்டுமானால் தடை அதைப் போல இரு மடங்கு, சுமார் 5 இருக்க வேண்டும். நீங்கள் 1 வைத்திருப்பதால் இரண்டரை விநாடிக்கு ஒரு முறை என்று பலமுறை ஆடித்தான் நிற்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் உடல் பெட்டியின் மேல்விளிம்பைக் கடக்கிறது, விழும் அனிமேஷன் தலைகாட்டுகிறது.

செங்குத்துத் தடையை மட்டும் 5 ஆக்குங்கள், அதுவும் பரப்புக்கு அருகே மட்டும். கிடைமட்டத்திலும் 5 வைத்தால் தார்க் குளத்தில் நீந்துவது போல ஆகிவிடும்.

பிக்சல்பாண்டி

இவ்ளோ கணக்கு எதுக்கு? பரப்பை பிசிக்ஸ்கிட்ட விடவே கூடாது. லாரா பரப்புக்கு வந்ததும் கேம் அவளை நீர்மட்டத்துலயே பிடிச்சு வச்சுடும், செங்குத்து வேகத்தைப் பூச்சியமாக்கிடும். நிலை மூணுதான்: வெளியே, பரப்பு, அடியில. பரப்புல இருந்து முங்கணும்னா ஜம்ப் பட்டனை 10 ஃபிரேம் பிடிக்கணும். ஆடுறவர் கேட்டாத்தான் கீழ போகும். ஆட்டமும் கிடையாது, நடுக்கமும் கிடையாது.

மரவண்டு

தட்டையான நீர்மட்டத்துக்கு அது மிக நல்ல வழி, நானும் அதையே தேர்வேன். டூம் ரெய்டரில் ஒரு முழு அறையே நீர் அறை அல்லது காற்று அறை என்று கொடி போடப்பட்டிருக்கும், ஆகவே குழப்பத்துக்கு இடமில்லை. நீர் வடிவதுகூட அறையை வேறொரு அறையாக மாற்றுவதுதான். ஆனால் அலை அடிக்கும் கடலில் மட்டத்தோடு பிடித்துவைத்தால் பாத்திரம் அலையோடு ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி விறைப்பாக ஏறி இறங்கும்.

பிக்சல்பாண்டி

ஆழிக்கரைக்கு கடலே இல்லையே, சுரங்கம்தானே. ஆகவே மூணு நிலை போதும்.

ஆழிக்கரை

இப்போதைக்குச் சுரங்கம்தான். பின்னால் ஒரு படகுத்துறை வரும், அங்கே அலை உண்டு. பார்க்கலாம்.

நெய்தல்

படகுத்துறை வரேக்க ஒண்டு கவனியுங்கோ. ஷேடருக்குள்ள `TIME` பாவிச்சு அலை போட்டால், ஸ்கிரிப்ட் வேற கடிகாரத்தில அலையைக் கணக்குப் பண்ணும். கண்ணுக்கு ஒரு மட்டம், மிதப்புக்கு ஒரு மட்டம். நேரத்தை நீங்களே ஒரு மாறியில கூட்டி ரெண்டு பக்கமும் அதையே குடுங்கோ. நிறுத்தி வைச்சுத் திரும்ப ஓட விடேக்க வித்தியாசம் கூடுதெண்டால் பிழை இங்கதான்.

மணிமேகலைத்தீவு

எண்ணெல்லாம் சரிசெய்த பிறகும் "அநியாயம்" என்ற சொல் வரலாம். காரணம், மீட்டர் தீர்ந்த கணத்தில் என்ன நடக்கிறது என்பது. ஆழிக்கரையின் கேமில் பூச்சியம் என்றால் உடனே மரணமா?

ஆழிக்கரை

ஆமாம், உடனே.

மணிமேகலைத்தீவு

அதுதான் எரிச்சல். டூம் ரெய்டரில் காற்று தீர்ந்தால் சாவதில்லை. உயிர் 1000, ஃபிரேமுக்கு 5 வீதம் குறையும். முழு உயிரோடு இருப்பவருக்கு இன்னும் 200 ஃபிரேம், ஆறரை விநாடிக்கு மேல் கிடைக்கிறது. கடைசி மீட்டரில் தப்பிப் பிழைக்கும் சுகம் அந்த ஆறரை விநாடியில்தான் இருக்கிறது. மைன்கிராஃப்டிலும் குமிழி தீர்ந்த பிறகு விநாடிக்கு ஒரு இதயம்தான் போகிறது.

அடுத்தது ஒலி. சுரங்கத்தில் ஆடுபவரின் கண் வழியைத் தேடும், மூலையில் இருக்கும் மீட்டரைப் பார்க்காது. 1991-ன் சோனிக்கில் மீட்டரே கிடையாது. மூச்சு 30 விநாடி, இடையிடையே மணி ஒலிக்கும், 12 விநாடி மிச்சமிருக்கும்போது அந்தப் பயங்கர இசை தொடங்கும். எவ்வளவு மிச்சம் என்பது காதுக்கே தெரியும். உங்கள் 40-க்கு, திரும்ப வேண்டிய எல்லையில் ஒரு ஒலி வையுங்கள். 24 மீட்டர் கணக்குப்படி அது 17 விநாடி மிச்சமிருக்கும்போது.

அதே சோனிக்கில் நீரின் கனத்தைக் காட்டிய விதமும் பார்க்கத் தக்கது. நிலத்தில் குதிக்கும் வேகம் 6.5, ஈர்ப்பு 0.21875. நீரில் 3.5, ஈர்ப்பு 0.0625. வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பின் இருமடங்கால் வகுத்தால் நிலத்தில் உயரம் சுமார் 97 பிக்சல், நீரில் 98. உயரம் மாறவே இல்லை! உச்சிக்குப் போக எடுக்கும் நேரம் மட்டும் 30 ஃபிரேமிலிருந்து 56 ஆகிறது. நிலத்தில் எட்டும் மேடை நீரிலும் எட்டும், ஆனால் ஒவ்வொரு குதியும் மூச்சைத் தின்கிறது.

கேம்பித்தன்

எனக்கென்னவோ தனி மீட்டரே வேண்டாம்னு தோணுது. மரியோ 64-ல உயிர்தான் மூச்சு, ஒரே வட்டம், திரையும் சுத்தமா இருக்கும்.

மணிமேகலைத்தீவு

அதில் ஒரு ஓட்டை உண்டு. மூச்சும் உயிரும் ஒன்று என்பதால் அடிபட்டவர் குளத்தில் இறங்கி மேலே வந்தால் உயிர் நிரம்பிவிடும். ஒகரினா ஆஃப் டைம் வேறு வழி எடுத்தது. இரும்புக் காலணியோடு, சோரா அங்கி இல்லாமல் அடியில் போனால் கடிகாரம் ஓடும், கையிலிருக்கும் இதயம் ஒன்றுக்கு 8 விநாடி. மூன்று இதயத்துக்கு 24. உயிருக்கும் மூச்சுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் மூச்சு உயிரைத் திருப்பித் தராது.

கேம்பித்தன்

ஆனா அதுல அடிபட்டு வந்தவனுக்கு நேரமும் குறைச்சல், ரெட்டை தண்டனை. ஓட்டையே தேவலைன்னு சொல்வேன். புதுசா ஆடுறவனுக்கு அந்தக் குளம் உதவி.

ஆழிக்கரை

தனி மீட்டரை வைத்துக்கொள்கிறேன், பூச்சியத்துக்குப் பிறகு 5 விநாடி உயிர் குறைகிற மாதிரி மாற்றிவிட்டேன். செங்குத்துத் தடை 5, மூன்று நிலை இரண்டையும் சேர்த்தே போட்டேன். நடுக்கம் நின்றது. காற்றுப்பை 24 மீட்டரில்.

ஒரு கேள்வி மட்டும். சுரங்கத்தில் விநாடிக்கு 0.5 மீட்டர் நீரோட்டம் விட ஆசை. கணக்கு எவ்வளவு மாறும்?

மரவண்டு

திசையைப் பொறுத்தது. உள்நோக்கி ஓடினால் போகும் வேகம் 2.1, திரும்பும் வேகம் 1.1. 24 மீட்டருக்குப் போக 17.1, திரும்ப 21.8, மொத்தம் 38.9. மயிரிழையில் தப்பும். ஆனால் திரும்ப வேண்டிய எல்லை முன்னாலேயே வந்துவிடும். 17-ல் வைத்த எச்சரிக்கை ஒலியைச் சுமார் 23-க்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒலி கேட்டுத் திரும்புகிறவர் வழியில் சாவார்.

வெளிநோக்கி ஓடினால் போகவே 32.7, திரும்ப 11.4, மொத்தம் 44 தாண்டும். காற்றுப்பையை 20 மீட்டருக்கு இழுத்தால் முதல் பாதி 36.8-க்கு வரும். ஆனால் மீதி 22 மீட்டர் திரும்பும் கணக்கோடு 44.5 ஆகிவிடும். அப்போது இரண்டாவது காற்றுப்பை வேண்டும், அல்லது காற்றுப்பையைத் தாண்டியதும் சுரங்கத்தை அகலமாக்கி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். அகலமான இடத்தில் ஓட்டம் மெதுவாவது இயல்புதான், ஆடுகிறவருக்கு உறுத்தாது.

பிக்சல்பாண்டி

உள்நோக்கியே விடுங்க. எதிர்த்து நீந்துறது 20 செகண்டுக்கு மேல யாருக்கும் பிடிக்காது.

நெய்தல்

உள்நோக்கி விட்டால் நெம்புகோலுக்குப் பக்கத்தில ஓட்டத்தை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டில் அந்த 4 விநாடி அனிமேஷனுக்குள்ள ஆள் ரெண்டு மீட்டர் இழுபட்டு, கை நெம்புகோலை விட்டு விலகி நிக்கும்.